மிச்சம் இரண்டு முடிச்சு

அவன் என்னை அக்கா என்று கூப்பிட்டால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம். மற்ற நாளெல்லாம் நான் அவனுக்கு டீச்சர்தான். மடுல்சீமையில் பஸ் திரும்பிப் போகும் இடத்திலிருந்து இன்னும் மேலே ஏற வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நாங்கள் இருவரும் படிப்பித்துக்கொண்டிருந்தோம். அவன் அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன். நான் பதுளையிலிருந்து வந்து, வாரநாட்களில் குவார்ட்டர்ஸில் தங்கி, வெள்ளிக்கிழமை பின்னேரம் புருஷன் வீட்டுக்கு ஓடுகிறவள். வெண்கட்டிக்குச் சண்டை போடுவோம், ஒரே பார்சல் சோற்றைப் பங்கு போட்டுச் சாப்பிடுவோம். சிநேகிதம் என்று அதற்கு நாங்கள் பெயர் வைத்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மார்கழி மாதம், பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது அவன் ஒரு தட்டோடு வந்து நின்றான். தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், மடித்த ஒரு சேலை. அரக்குக் கரை போட்ட பச்சைச் சேலை.

"அக்கா," என்றான்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. தட்டை யாரும் சும்மா நீட்டுவதில்லை. அதைக் கையில் வாங்கிவிட்டால் சரி என்று சொன்னதாகிவிடும். பிறகு பின்வாங்கினால் பெரிய அவமானம். நான் சிவப்புப் பேனாவைக் கையில் பிடித்தபடியே இருந்தேன்.

"நீங்கதான் நாத்தனா முடிச்சுப் போடணும் அக்கா. தை கடைசியில முகூர்த்தம். நம்ம தோட்டத்துக் கோயில்லதான்."

எங்கள் பக்கக் கலியாணத்தில் மாப்பிள்ளை போடுவது ஒரு முடிச்சுத்தான். பெண்ணின் கழுத்தைச் சுற்றித் தாலிக்கயிற்றைக் கொண்டுபோய் பின்கழுத்தில் முதல் முடிச்சைப் போட்டுவிட்டு, இரண்டு நுனியையும் அவன் விட்டுவிடுவான். பெண்ணுக்குப் பின்னால் நிற்கும் மாப்பிள்ளையின் சகோதரி அதை வாங்கி, மற்ற இரண்டு முடிச்சையும் போட்டு, முடிச்சில் குங்குமம் வைப்பாள். தாலி கட்டுவதற்கு முன்னால் தேங்காய் மேல் வைத்த தாலியைத் தட்டோடு எடுத்துப்போய்ப் பெரியவர்களிடம் தொட்டுக் கும்பிடக் கொடுப்பதும் அவள்தான். புதுப்பெண்ணைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போவதும் அவள்தான். அதற்காக அவளுக்கு ஒரு சேலை உண்டு. அத்தோடு முடிவதில்லை. அந்த வீட்டில் பிள்ளை பிறந்தால் அத்தை என்று வந்து காதில் பெயர் சொல்வதும் அவளே. இனி இந்தப் பெண்ணுக்கு இந்த வீட்டில் நான் பொறுப்பு என்று ஊரறியச் சொல்வதுதான் அந்த இரண்டு முடிச்சும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். அவனுக்கு ஒரு அக்கா இருக்கிறாள் என்பதும் தெரியும்.

"உங்க அக்கா எங்க போயிட்டா?" என்று கேட்டேன்.

அவன் சுவரில் தொங்கிய உலகப் படத்தைப் பார்த்தான். "உங்களுக்குத் தெரியாதாக்கும்."

தெரியும். அவன் அக்காவின் புருஷன் ஒரு மழைக்காலத்தில் மலையில் தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்தபோது மேலே இருந்த மண் சரிந்து விழுந்து செத்துப்போனான். அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை அப்போது. பிள்ளை இல்லை. லயத்தில் புருஷனோடு இருந்த காம்பரா அறையைப் பூட்டிவிட்டு அம்மாவோடும் தம்பியோடும் வந்து சேர்ந்துகொண்டாள். தாலி இல்லாதவள் தாலிக்கயிற்றைத் தொடக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

"வேற யாருமில்லை அக்கா. பெரியப்பா மக்க, சித்தப்பா மக்க எல்லாரும் கப்பலேறி இந்தியாவுக்குப் போயிட்டாங்க. இங்க மிஞ்சினது நாங்க மூணு பேருதான். அம்மாவும் நீங்கதான்னு சொல்லிட்டா."

"யாருகிட்ட?"

"பொண்ணு வீட்டுல."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. நமுனுகுலப் பக்கம் போய்ப் பரிசம் போட்டிருக்கிறார்கள். முடிச்சு யார் போடுகிறது என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என்னைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். இப்போது தட்டு.

"என்னால முடியாது," என்றேன்.

அவன் சிரித்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவன் முகம் சுருங்கியது.

"ஏன் அக்கா?"

"உங்க அக்கா உசுரோட இருக்கும்போது அவ எடத்துல நான் நிக்க மாட்டேன்."

"அம்மா சம்மதிக்க மாட்டா."

"உங்கம்மாவை நான் கேக்கல. நீ என்ன சொல்ற?"

படிப்பிக்கிறவனுக்கு வாய் நீளம் என்பார்கள். இவனுக்குப் பிள்ளைகளிடம் மட்டும்தான் அந்த நீளம். தட்டை மேசையில் தாள்களுக்கு மேலேயே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். வெற்றிலைத் தண்ணீர் பட்டு ஒரு பிள்ளையின் விடை முழுக்க ஊறிப்போனது.

நான் ஏன் அவ்வளவு கறாராக நின்றேன் என்பதற்குக் காரணம் இருந்தது. நான் அந்தத் தோட்டத்துக்கு வந்த புதிதில் அவன் அக்கா புருஷனோடு இருந்தாள். மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது எங்கள் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொண்டுவருவாள். ஒரு நாள் என் குவார்ட்டர்ஸ் முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து, அறுந்த கூடைக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள். நான் எவ்வளவு முயன்றும் நெகிழ்கிற கயிறு, அவள் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு இழு இழுத்தால் கல்லாகிவிடும். அதைப் பார்த்து நான் வியந்தபோது சொன்னாள்:

"இது என்னங்க டீச்சர். என் தம்பிக்குக் கலியாணம் வரட்டும். நான் போடுற முடிச்சை எமன் வந்தாலும் அவுக்க முடியாது."

சொல்லிவிட்டுத் தன் தாலியைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த ஒரு ஆசையைத்தான் தட்டில் வைத்து என் மேசைக்குக் கொண்டுவந்திருந்தான் அவன்.

மறுநாளே கதை தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. ஆனால் நான் சொன்ன கதை அல்ல. என் அப்பா ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். எங்கள் ஆட்கள் வேறு, அவர்கள் ஆட்கள் வேறு. லயத்தில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, மறப்பதுமில்லை. கணக்கப்பிள்ளை மகள் நம் வீட்டுப் பெண்ணுக்குத் தாலி முடிய மாட்டாளாம் என்று ஆகிவிட்டது. கொழுந்து மலையில் பேச்சு, தண்ணீர்ப் பீலியில் பேச்சு. எனக்குத் தினமும் வழிவிட்டு நிற்கும் பெண்கள் அன்றைக்கு வழியிலேயே நின்றார்கள். ஒதுங்கிப் போனது நான்தான்.

இரண்டு நாள் கழித்து அவன் அம்மா பாடசாலை வாசலுக்கே வந்தாள். சின்ன உருவம். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு வாங்கிய பிறகும், கொழுந்தெடுக்கக் கட்டுகிற படங்குச் சாக்கை இடுப்பில் கட்டியிருந்த மாதிரியே நிற்பாள். பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

"டீச்சர், எங்க வீட்டுத் தேத்தண்ணி குடிப்பீங்க. எங்க வீட்டுச் சோத்தைத் திம்பீங்க. நாலு பேரு முன்னாடி எங்களோட நிக்கத்தான் ஆகாதோ?"

"அப்படி இல்லைங்கம்மா."

"வேற எப்படி? சொல்லுங்க. நானும் கேட்டுக்கிறேன்."

என்ன சொல்வது? உங்கள் மகளுக்காகத்தான் என்று சொன்னால், அந்த வாசலில் நின்றிருந்த அத்தனை பேர் வாயிலும் அவள் விழுவாள். தாலி இல்லாதவளைக் கொண்டுவந்து மணவறையில் நிறுத்தச் சொல்கிறாள் பார் என்று வேறு கிளம்பும். நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டது மிகக் குறைவு. அன்றைக்கு மூடியதில் எனக்கு நெஞ்செல்லாம் எரிந்தது.

"ஜாதித் திமிரு," என்று அவள் திரும்பி நடந்துகொண்டே சொன்னாள். காதில் விழ வேண்டும் என்றே சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை பதுளைக்குப் போய்ப் புருஷனிடம் சொல்லி அழுதேன். அவர் எதையும் இரண்டு பக்கமும் பார்க்கிற மனிதர். "முடிச்சைப் போட்டுட்டு வந்தா என்ன? உனக்கும் பழி இல்லை, அவங்களுக்கும் நிம்மதி" என்றார். எரிச்சலில் அன்றைக்கு அவருக்குச் சோறு போடவில்லை. அவரே போட்டுச் சாப்பிட்டார், எனக்கும் போட்டு வைத்தார்.

அடுத்த வாரம் ஒரு பின்னேரம், கொழுந்து நிறுத்து முடிந்த கையோடு அவன் அக்கா என் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, உள்ளே வராமல் இஸ்தோப்பிலேயே உட்கார்ந்தாள். நான் அந்தச் சேலையைத் தட்டோடு எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்தேன். தம்பி விட்டுப்போன நாளிலிருந்து அது என் பெட்டி மேலேயே இருந்தது.

"எடுத்துக்கிட்டுப் போங்க அக்கா," என்றேன்.

அவள் சேலையைத் தொட்டுப் பார்த்தாள். "இதை நான்தாங்க டீச்சர் எடுத்தேன். பதுளைக்குப் போயி, நாலு கடை ஏறி இறங்கி. உங்க நிறத்துக்கு இந்தப் பச்சைதான் எடுக்கும்னு."

அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியாது.

"நீங்க போட்டா நான் போட்ட மாதிரிங்க," என்றாள். "எங்கம்மா பேசினதை மனசுல வைக்காதீங்க. நான் கும்பிட்டுக் கேக்குறேன்."

"கும்பிட வேணாம். நீங்களே போடுங்க."

"நான் தொட்டா ஆகாதுங்க."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நானேதான் சொல்றேன்." அவள் குரல் உயர்ந்தது. "அந்தப் புள்ளை நல்லா இருக்கணும். என் கை பட்டு நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? ஒரு காய்ச்சல் வந்தாக்கூட எல்லாரும் என்னைத்தான் பார்ப்பாங்க. என் தம்பிக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்கங்க போறது?"

"உங்க புருஷன் செத்தது மண்ணு சரிஞ்சு. மழையில. உங்க கையில என்ன இருக்கு?"

"உங்களுக்குப் பேசத் தெரியும் டீச்சர். படிச்சவங்க. நீங்க மாட்டேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிப் பதுளைக்குப் போயிடுவீங்க. இந்த லயத்துல கெடக்கப் போறது நான்." கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டாள். "எனக்காகத்தான் மாட்டேங்குறீங்கன்னு தம்பி சொன்னான். நான் உங்ககிட்ட கேட்டேனா? வீம்பு உங்களுக்கு. பழி எனக்கு."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சேலை அங்கேயே கிடந்தது. பனியில் நனைந்துவிடும் என்று உள்ளே எடுத்துவைத்தேன். அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. எனக்கு வீம்பு உண்டு. ஆனால் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு, அவள் கண்ணுக்கு முன்னால், அவள் போட வேண்டிய முடிச்சை நான் போடுவதை நினைக்கும்போதெல்லாம் என் விரல் மரத்துப்போனது. அது வீம்பினால் மட்டும் வருவதில்லை.

அவனிடம் இன்னொரு முறை சொன்னேன். "கலியாணத்துக்கு வருவேன். மொய் வைப்பேன். சோறும் திம்பேன். முடிச்சு மட்டும் போட மாட்டேன். வேற ஆளைப் பாத்துக்க." அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நான் நம்பியது என் மடத்தனம்.

கலியாணத்தன்று புருஷனையும் இழுத்துக்கொண்டு பசறைப் பாதையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். பச்சைச் சேலையைப் பையில் மடித்து எடுத்துப்போனேன். யாருக்குக் கொடுப்பது என்று ஒரு தீர்மானமும் இல்லை, திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்று மட்டும். கோயிலைச் சுற்றித் தகரக் கூடாரம் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கி மலை முழுக்கக் கத்தியது. நமுனுகுலப் பக்கமிருந்து பெண் வீட்டார் ஒரு லொறியிலும் ஒரு வேனிலும் வந்து இறங்கினார்கள்.

அக்காவைத் தேடினேன். கோயிலுக்குப் பின்னால் சமையல் நடந்த இடத்தில், புகைக்குள், கத்தரிக்காய் நறுக்கும் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். பழைய நீலச் சேலை. நெற்றியில் கொஞ்சம் திருநீறு. என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கத்தரிக்காயில் குனிந்துகொண்டாள். அந்த இடத்திலிருந்து மணவறை தெரியாது. மேளச் சத்தம் மட்டும் கேட்கும்.

மணவறைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. மாப்பிள்ளை பக்கத்தில் பெண்ணுக்குப் பின்னால் நிற்க யாருமில்லை. வேறு ஆளே பார்க்கவில்லை. கூட்டத்துக்கு முன்னால் கூப்பிட்டால் இவள் எழும்பாமலா இருந்துவிடுவாள் என்று அவன் அம்மா கணக்குப் போட்டிருக்கிறாள். அது ஒன்றும் தப்பான கணக்கு இல்லை. நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் எழும்பியிருப்பார்கள்.

பதுளையிலிருந்து வந்த ஐயர் தாலித் தட்டை நீட்டினார். "நாத்தனார் வாங்கோ."

அவன் அம்மா என்னைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, சிரித்த முகத்தோடு சொன்னாள்: "டீச்சர், எழும்பி வாங்க. நேரமாகுது."

நான் எழும்பவில்லை. பக்கத்தில் புருஷன் இருமினார். என் முகம் தீயாகச் சுட்டது. "மன்னிச்சுக்கங்கம்மா. நான் அன்னைக்கே சொல்லிட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

பெண் வீட்டாரிடையே ஒரு சலசலப்பு. பெண்ணின் அத்தை ஒருத்தி சட்டென்று தட்டை வாங்கிப் பெரியவர்களிடம் கொண்டுபோனாள். சுற்றி வந்து கொடுத்துவிட்டு, "முடிச்சு உங்க பக்கம்தான் போடணும், நாங்க போடக் கூடாது" என்று நேராகச் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அவன் அம்மாவின் முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் கை முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்தபோது, எழும்பிவிடுவோமா என்று ஒரு கணம் நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், நினைத்தேன். சேலைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கெட்டிமேளம் முழங்கியது. அட்சதை பறந்தது. அவன் எழும்பிக் குனிந்து, பெண்ணின் கழுத்தைச் சுற்றி மஞ்சள் கயிற்றைக் கொண்டுபோய் முதல் முடிச்சைப் போட்டான்.

போட்டவன் நுனியை விடவில்லை.

வாங்குவதற்கு அங்கே கை இல்லை. இரண்டு நுனியையும் இரண்டு கையிலும் பிடித்தபடி, பெண்ணின் தலைக்கு மேல் குனிந்தவாக்கில் அப்படியே நின்றான். புதுக்கயிறு வழுவழுவென்றிருக்கும். ஒற்றை முடிச்சை நம்பி விட்டால் தாலி மடியில் விழும். அதைவிடப் பெரிய சகுனக்கேடு வேறு இல்லை. மேளக்காரன் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடித்தான். நிறுத்தவும் முடியாது, இழுத்துக்கொண்டே போகவும் முடியாது.

"நீயே போட்டு முடிடா," என்றாள் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு. "அவசரத்துக்குப் பாவமில்லை. போட்டு முடி."

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். என்னிடமிருந்து இனி ஒன்றும் கிடைக்காது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கு ஒரு முடிச்சுதாம்மா," என்றான். அந்த வாத்தியார்க் குரல் அவனுக்கு அப்போதுதான் வந்தது, கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் கேட்கிற குரல். "மிச்சம் ரெண்டும் எங்க அக்காவோடது. கூட்டிட்டு வாங்க. வர்ற வரைக்கும் நான் இதை விட மாட்டேன்."

"டேய், கொன்னுடுவேன். நல்ல நேரத்துல என்ன பேச்சு பேசுற?"

"நல்ல நேரம் போயிடும்மா. கூட்டிட்டு வாங்க."

கூட்டம் ஓவென்றது. பெண் வீட்டுப் பக்கம் யாரோ, "அறுத்தவளா வந்து முடியுறது?" என்று கேட்டார்கள். நான் பெண்ணைப் பார்த்தேன். அவளை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. குனிந்த தலை, உச்சி மட்டும் தெரிந்தது. அவள் இப்போது என்ன செய்கிறாள் என்பதில்தான் எல்லாம் இருந்தது. நெளிந்தாலும் போதும், அழுதாலும் போதும், பெண் வீட்டார் எழும்பிவிடுவார்கள். அவள் கையைப் பின்னால் கொண்டுபோனாள். பூச்சூடிய பின்னலையும் மாலையையும் சேர்த்து ஒதுக்கி முன்பக்கம் போட்டு, பின்கழுத்தை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டாள். பிறகு அசையவில்லை. கேட்டவர்கள் வாய் அடைத்துப்போனது.

நான் எழும்பி ஓடினேன். அது மட்டும் எனக்குக் கௌரவக் குறைவாகத் தெரியவில்லை.

அக்கா கத்தியும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். மேளம் நீண்டுகொண்டே போவதைக் கேட்டே அவளுக்கு ஏதோ கோளாறு என்று புரிந்திருந்தது. "என்னங்க செஞ்சீங்க?" என்றாள் என்னைப் பார்த்து.

"உங்க தம்பி கயிறை விடாமப் புடிச்சிட்டு நிக்குறான். நீங்க வந்தாத்தான் விடுவானாம்."

"போடச் சொல்லுங்க அவனை."

"சொல்லிப் பாத்தாச்சு. நேரம் போகுது அக்கா. வராம இருந்தா இப்பதான் அந்தப் புள்ளைக்குக் கெடுதல்."

என் பேச்சை அவள் கேட்டிருக்க மாட்டாள். ஆனால் நேரம் போகிறது என்பதைக் கேட்டாள். கத்தியைப் போட்டுவிட்டு, வாளித் தண்ணீரில் கையைக் கழுவினாள். ஒரு தரம் போதவில்லை, மறுபடியும் கழுவினாள். கொழுந்துக் கறை விரல் நுனியிலெல்லாம் கறுப்பாக ஊறியிருந்தது, அது கழுவினால் போகிற கறை இல்லை. நான் பையிலிருந்து பச்சைச் சேலையை உருவி, மடிப்பும் பிரிக்காமல் அவள் தோளில் போட்டேன். தள்ளிவிட நேரமில்லாததால் அவள் அதோடேயே நடந்தாள்.

கூட்டம் விலகியது. யாரும் தடுக்கவில்லை. அவன் அம்மா மணவறைத் தூணைப் பிடித்துக்கொண்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அக்கா அவளைப் பார்த்து, "அம்மா?" என்றாள். போடட்டுமா என்றுதான் கேட்டாள். அம்மா போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அக்கா பெண்ணுக்குப் பின்னால் போய்த் தம்பியின் கையிலிருந்து இரண்டு நுனியையும் வாங்கினாள். அவன் கை விட்டதும் அப்படியே தொங்கிப்போனது, அவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்திருந்தான். கூடைக் கயிறு முடிகிற அதே விரல்கள். இரண்டு சுற்று, ஒரு இழுப்பு. மறுபடி இரண்டு சுற்று, ஒரு இழுப்பு. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எமன் வந்தாலும் அவிழாது.

ஐயர் குங்குமச் சிமிழை நீட்டினார். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இதையாவது நீங்க வைங்க டீச்சர்," என்றாள் மெதுவாக. "இதுக்கும் மாட்டேன்னு சொல்லாதீங்க."

நான் சிமிழை வாங்கினேன். வாங்கி, மூடியைத் திறந்து, அவள் பக்கமே நீட்டிப் பிடித்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். மோதிர விரலால் தொட்டு எடுத்து, தான் போட்ட முடிச்சில் வைத்தாள். பெண்ணின் தோளை வளைத்து முன்னால் கையைக் கொண்டுபோய்த் தாலியில் வைத்தாள், பிறகு அவள் வகிட்டில் வைத்தாள். மேளக்காரன் அப்பாடா என்று நிறுத்தினான்.

விரலில் கொஞ்சம் குங்குமம் மிச்சமிருந்தது. யாருக்கு வைத்துவிட்டாலும் மிச்சத்தைத் தன் நெற்றியில் இட்டுக்கொள்வது எங்கள் பெண்கள் எல்லோருக்கும் யோசிக்காமல் வருகிற பழக்கம். அவள் கையும் யோசிக்காமல் மேலே போனது. திருநீறு பூசிய நெற்றிக்குக் கிட்டே, தொட்டுவிடும் தூரத்தில் போய் நின்றது. வை, வைத்துக்கொள் என்று உள்ளுக்குள் கத்தினேன். அவள் தம்பி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவும் பார்த்தாள்.

அவள் விரலை இறக்கினாள். தோளில் கிடந்த புதுச் சேலையில் பட்டுவிடாமல் அதை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, பழைய நீலச் சேலையின் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு புதுப்பெண்ணின் கையைப் பிடித்து, "வா தாயி, வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.